‘ஊ’ என்றால் அவனா, அவளா?

நான் வேலை பார்த்த சுவடி நிலையத்தில் இப்போது இருக்கும் பிள்ளைகள் கணினியில் ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள். ‘மது’ என்று தட்டினால் ‘இறைக்காதல்’ என்று வருகிறது. ‘கூந்தல்’ என்று தட்டினால் ‘உலகின் பன்மை’. ‘மச்சம்’ என்றால் ‘ஒருமையின் புள்ளி’. போன மாதம் ஒரு பிள்ளை போன் செய்து, “சார், உங்க காலத்துல இது எல்லாத்தையும் கையாலயா தேடுனீங்க?” என்று பரிதாபமாகக் கேட்டாள். இந்த மாதிரி அட்டவணையை நம்பி ஒரு குடும்பம் உடைய இருந்தது தெரியுமா என்று கேட்டேன். எழுதிக் கொடுங்கள் சார் என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் தென்காசிக்காரன். மதரஸாவில் ஏழு வருடம் அரபி படித்தேன். பிறகு கல்லூரி, பிறகு அகராதியை வைத்துக்கொண்டு நானாகவே முட்டி மோதிப் பாரசீகம். எழுபதுகளின் நடுவில், எங்கள் ஊர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறக்கட்டளை நடத்திய சுவடி நிலையத்தில் சேர்ந்தேன். பழைய அரபி, பாரசீக ஞானக் காதல் பாடல்களைப் படித்து, தமிழில் உரையோடு பதிப்பிப்பது வேலை. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

நிலையத்தின் தலைவர் ஹனீபா சார். மெலிந்த ஆள், எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. யாரையும் சத்தம் போட்டுத் திட்டியதில்லை. நாம் எழுதியதைப் படித்துக்கொண்டே வருவார். பிடிக்காத இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். அவ்வளவுதான். அந்தப் பென்சில் மேஜையில் படும் சத்தத்துக்கு நான் பயந்ததுபோல என் வாப்பாவின் பிரம்புக்குக்கூடப் பயந்ததில்லை.

அவருடைய முறை இது. ஒரு பாடல் கையில் வந்தால் முதல் சுற்றில் சொல் சொன்னதை மட்டும் எழுத வேண்டும். மது என்றால் மது. சாகி என்றால் மது ஊற்றிக் கொடுப்பவர். கூந்தல் என்றால் முடி. இரண்டாம் சுற்றில் பழைய உரைகாரர்கள் அந்தச் சொல்லுக்குச் சொன்ன உட்பொருளைப் பக்கத்தில் அட்டவணையாக எழுத வேண்டும்: மது என்றால் அறிவைக் கரைத்துவிடும் காதல்; மதுக்கடை என்றால் ‘நான்’ என்பது இடிந்துபோகும் இடம்; சாகி என்றால் குருவோ இறைவனோ; முகத்தை மறைக்கும் கூந்தல் என்றால் ஒன்றை மறைக்கும் பலவான உலகம்; கன்னத்து மச்சம் என்றால் எல்லாம் வந்து ஒடுங்கும் ஒற்றைப் புள்ளி. மூன்றாம் சுற்றுதான் உயிரை எடுக்கும். அந்த உட்பொருள் இந்தப் பாடலில் நிற்கிறதா என்று பாடலிடமே கேட்க வேண்டும். ஒரே உரைகாரர் ஒரே சொல்லுக்கு இரண்டு இடத்தில் இரண்டு பொருள் சொல்லியிருப்பார். மனிதர் மேலான காதலையும் இறைவன் மேலான காதலையும் ஒரே வரியில் சேர்த்தே வைத்த கவிஞர்களும் உண்டு. சொர்க்கமும் வேண்டாம், குருவும் வேண்டாம், வெறும் மதுவைத்தான் பாடினேன் என்றவர்களும் இதே சொற்களில்தான் பாடினார்கள்.

“அட்டவணை சாட்சி மாதிரி காஜா. தீர்ப்பு அதுட்ட கேக்கக் கூடாது,” என்பார் சார்.

மெஹருன்னிஸா சேரும்வரை நான்தான் அவருக்கு வலது கை. அவள் வேலூர்க்காரி. வீட்டில் உருது. பாரசீகச் சொற்களில் பாதியை அவள் குழந்தையிலேயே அம்மாவிடம் கேட்டு வளர்ந்தவள். நான் அகராதியில் மூன்று பக்கம் புரட்டித் தேடும் சொல்லை அவள் தண்ணீர் குடித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். பாடலை வாசிக்கும்போது சந்தம் தானாக அவள் நாக்கில் வந்து உட்காரும். நான் விரல் விட்டு எண்ணுவேன்.

சேர்ந்த முதல் மாதமே சார் அவள் எழுதியதைப் படித்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைக்காமல் கடைசிவரை போனார். “நல்லாருக்கு,” என்றார். என்னிடம் அந்தச் சொல்லை அவர் ஒருமுறையும் சொன்னதாக ஞாபகமில்லை. அதற்குப் பிறகு அவள் மேஜையைத் தாண்டிப் போகும்போதெல்லாம், அங்கே திறந்திருக்கும் பக்கம் எது என்று பார்க்காமல் என்னால் போக முடிந்ததில்லை.

அவள் அதைக் கவனித்தாளா தெரியாது. “காஜா சார், அரபி இலக்கணத்துல இது எப்படி?” என்று அவள் பாட்டுக்குக் கேட்பாள். நான் சொல்வேன். நான் சொன்னதை வைத்து அவள் எழுதுவாள். சார் அவளைப் பாராட்டுவார்.

இப்படி இருக்கையில்தான் மைமூன் லாத்தாவின் பாடல்கள் வந்தன. எங்கள் பக்கம் அக்காவை லாத்தா என்போம். அவர் ஆம்பூரில் பிறந்தவர். அவருடைய வாப்பா பள்ளியில் பாரசீகம் நடத்தியவர். குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருந்த சாகுல் ஹமீது அண்ணாச்சிக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தார். சீசன் இல்லாத மாதங்களில், காலியான லாட்ஜில் உட்கார்ந்து பாரசீகத்தில் கஸல் எழுதினார். ‘பாரான்’ என்று புனைபெயர். பாரசீகத்தில் மழை. உயிரோடிருக்கும், அதுவும் நம் பக்கத்துப் பெண் ஒருத்தி பாரசீகத்தில் எழுதுகிறார் என்றதும் சாருக்கு ஒரே சந்தோஷம். ஒரு சிறு தொகுப்பாகப் போடலாம் என்றார். அண்ணாச்சிக்கும் பெருமைதான். பாரசீகம் ஒரு எழுத்துத் தெரியாது என்றாலும், “நம்ம வீட்டம்மா புஸ்தகம் வருது,” என்று அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவர்கள்வரை சொல்லி வைத்திருந்தார்.

தமிழாக்கத்தின் முதல் வரைவை சார் என்னிடம் கொடுத்தார். மெஹரிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார் என்பதில் எனக்கு இருந்த ஆனந்தத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

அதில் ஒரு கஸல். ஐந்தே ஈரடிகள். அதன் சாரம் இப்படி:

மதுக்கடை பூட்டியிருந்தது, சாகி வரவில்லை, கிண்ணமில்லாமலே தள்ளாடினேன்.
கூந்தல் அவிழ்ந்தது, ஊரே இருண்டது, வீட்டுக்கு வழி தெரியவில்லை.
கன்னத்தில் ஒரு மச்சம், நான் எழுதிய எழுத்தெல்லாம் அந்தப் புள்ளியில் பிறந்தவை.
வாசலில் காவல்காரர் கண்மூடாமல் நிற்கிறார், இறைவா, அவர் கண்ணுக்கு நோவு வராமல் பார்த்துக்கொள்.
பெயர் கேட்கிறார்கள், பாரான் சொல்லவில்லை. நீ வந்து நின்றபின் பெயர் எதற்கு?

பாரசீகத்தில் ‘ஊ’ என்ற ஒரே சொல்தான் அவனுக்கும் அவளுக்கும். வினைச்சொல்லிலும் ஆண், பெண் தெரியாது. தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, ஏதாவது ஒன்றை எழுதியே ஆக வேண்டும். நம் பக்திப் பாட்டில் இறைவனை ‘அவன்’ என்றே பாடுவது வழக்கம் என்பதால் நான் ‘அவன்’ என்று போட்டேன். அவன் கூந்தல். அவன் கன்னத்து மச்சம். மச்சத்துக்கு அடிக்குறிப்பாக ‘ஒருமையின் புள்ளி’ என்றும் எழுதினேன்.

சார் திருத்துவதற்காக எடுத்த அச்சுப்படி அச்சகத்தில் மேஜைமேல் கிடந்திருக்கிறது. லாட்ஜுக்குப் பில் புத்தகம் அச்சடிக்கப் போன அண்ணாச்சி அதை எடுத்து வாசித்துவிட்டார்.

மறுநாள் காலையில் நிலையத்துக்கு வந்தார். சாரலில் நனைந்த சட்டையோடு, குடையைக் கையில் மடக்கிப் பிடித்தபடி. பெரிய உடம்பு. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“சார், ஒண்ணே ஒண்ணு கேக்குதேன். கன்னத்துல மச்சம் உள்ள அந்த அவன் யாரு?”

எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. அவரே சொன்னார். வருடா வருடம் சீசனுக்குக் கொல்லத்திலிருந்து ஒரு டாக்டர் வந்து அவர் லாட்ஜில் தங்குவார். படித்தவர். மைமூன் லாத்தாவின் பாடலைக் கேட்டுவிட்டு, ‘நல்ல கவிதயாணு’ என்று மெச்சியவர். இடது கன்னத்தில் மச்சம் உள்ளவர்.

“ரூம்ப காலி பண்ணச் சொல்லிட்டேன். அவளை ஆம்பூருக்கு அனுப்பிடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னால படிச்ச ஆளுக நீங்க ஒரு வார்த்த சொல்லிருங்க. வெள்ளிக்கிழம அவ அண்ணன் வாராரு.”

என் வாய்தான் முதலில் திறந்தது. “அண்ணாச்சி, நீங்க நினைக்கது மாதிரி இல்ல. இதுல மதுன்னா இறைக்காதல். கூந்தல்னா உலகம். மச்சம்னா ஒருமை. எல்லாம் ரப்பைப் பத்திதான், அல்லாவைப் பத்திதான்.”

அவர் என்னையே பார்த்தார். “ரப்புக்கு மச்சம் இருக்குன்னு சொல்லுதீங்களா சார்?”



ஹனீபா சார் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டார். “உக்காருங்க அண்ணாச்சி. நாங்க இதை எப்படி வாசிப்போமோ அப்படியே உங்க முன்னால வாசிக்கோம். நாங்க சொல்ல முடிஞ்சதைச் சொல்லுதோம். முடியாததை முடியாதுன்னு சொல்லிருதோம். மெஹர், நீ தொடங்கு.”

மெஹர் என்றார். என் வரைவு, என் பாடல், அவர் மெஹர் என்றார்.

அவள் மூலத்தை வாசித்தாள். பிறகு அண்ணாச்சியிடம் நேராகச் சொன்னாள்: “அண்ணாச்சி, இதுல அவன்னு ஒரு வார்த்தையே இல்லை. ‘ஊ’ன்னுதான் இருக்கு. அது அவனாவும் இருக்கலாம், அவளாவும் இருக்கலாம், அவராவும் இருக்கலாம்.”

“அப்ப அவன்னு எழுதுனது யாரு?”

“நான்தான்,” என்றேன். தமிழ் வழக்கத்தைச் சொன்னேன். நான் சொன்னது தப்பில்லை என்று இன்றும் வாதாடுவேன். ஆனால் அவர் முகத்தில் அந்த வாதம் ஒட்டவில்லை.

“எல்லா இடத்துலயும் ‘நீ’ன்னு மாத்திடலாம்,” என்றாள் மெஹர். “உன் கூந்தல், உன் மச்சம். தமிழ்ல ‘நீ’க்கு ஆண், பெண் கிடையாது.”

சார் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். எவ்வளவு எளிது! எனக்கு ஏன் தோன்றவில்லை? அந்தப் பொறாமையில் மூலத்தை மறுபடி பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

“கூடாது,” என்றேன். “நாலு ஈரடிவரைக்கும் ஆள் தூரத்துல. அஞ்சாவதுலதான் ‘தூ’ன்னு வருது. நீ. அரபி அணியிலக்கணத்துல இதுக்கு இல்திஃபாத்னு பேரு. பேசுறவர் படக்குன்னு முகத்தைத் திருப்பறது. இல்லாத ஆள் எதிர்ல வந்து நிக்கிற இடம் அது. முதல்லயே நீ போட்டா, கடைசில யாரும் வரமாட்டாங்க.”

மெஹர் தலையைச் சாய்த்து யோசித்தாள். “ஆமா,” என்றாள். “இது எனக்குத் தெரியல.”

சார் இரண்டையும் சேர்த்தார். முதல் நான்கிலும் ஆளையே சொல்லாமல் உறுப்பை மட்டும் எழுவாயாக வைப்பது: கூந்தல் அவிழ்ந்தது, கன்னத்தில் ஒரு மச்சம். ஐந்தாவதில் மட்டும் நீ. மேலே நான் எழுதியிருப்பது அந்தத் திருத்திய வடிவம்தான். எழுதி முடித்துவிட்டு, “மெஹர் நல்ல வழி காட்டுனா,” என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

அண்ணாச்சி விடவில்லை. “சார், நீங்க எழுத்தை மாத்துதீங்க. நான் ஆளைக் கேக்குதேன்.”

சார் சொன்னார்: “ஆளை நாங்க சொல்ல முடியாது அண்ணாச்சி. கூந்தல், மச்சம், மதுக்கடை, இதெல்லாம் ஆயிரம் பேரு பாடிப் பாடித் தேய்ஞ்ச சொல்லு. நிஜமா மச்சமுள்ள ஆளைப் பாத்துதான் எழுதணும்னு இல்ல. மச்சமே பாக்காதவனும் எழுதியிருக்கான். அதை வச்சு யாரையும் பிடிக்க முடியாது. ரப்புன்னும் நான் சத்தியம் பண்ண மாட்டேன். மனுஷன்னும் பண்ண மாட்டேன்.”

“வேற என்னத்த வச்சுத்தான் பிடிக்க?”

அங்கேயும் நான் பேசினேன். மெஹருக்கு முன்னால் பேசிவிட வேண்டும் என்ற அவசரம். “வழக்கத்தை விட்டு எங்க விலகுதாங்களோ, அங்கதான் அவங்க சொந்த விஷயம் இருக்கும். நாலாவது ஈரடியப் பாருங்க. காவல்காரர், ரகீப். இந்தப் பாட்டுகள்ல ரகீப்னா காதலுக்குக் குறுக்க நிக்கிறவன், போட்டிக்காரன். எல்லாக் கவிஞரும் அவனைச் சபிப்பாங்க. அவன் கண்ணு அவியணும்பாங்க. மைமூன் லாத்தா மட்டும் அவர் கண்ணுக்கு நோவு வரக்கூடாதுன்னு துஆ கேக்காங்க. அரபியில ரகீப்ங்கறது அல்லாவோட திருநாமத்துல ஒண்ணு. எப்போதும் கவனிச்சிக்கிட்டிருக்கவன். அந்தப் பொருளும் உள்ள இருக்கலாம். இல்ல, நிஜமாவே ஒரு காவக்காரராவும் இருக்கலாம்.”

அண்ணாச்சி கையிலிருந்த குடையின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது.

“அந்தக் காவக்காரரு யாருன்னும் சொல்ல மாட்டீங்க.”

“மாட்டோம்,” என்றார் சார்.

அன்று மாலை மெஹரும் நானும் குற்றாலம் போனோம். லாத்தாவைப் பார்த்து வரச் சொல்லி சார்தான் அனுப்பினார். பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம். லாட்ஜ் பின்கட்டில் மைமூன் லாத்தா பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அழுத முகம் இல்லை. மெஹரைப் பார்த்ததும் உருதில் ஏதோ சொன்னார். பிறகு எனக்காகத் தமிழுக்கு மாறினார்.

“உங்ககிட்ட வந்து யாருன்னு கேட்டாவளாமே?”

“ஆமா லாத்தா,” என்றேன்.

“என்கிட்ட கேக்கல தம்பி. டாக்டரை விரட்டுனாவ, என் அண்ணனுக்கு ஆள் அனுப்புனாவ, அச்சாபீஸுக்குப் போனாவ, உங்ககிட்ட வந்தாவ. முன்னால ரூம்புலதான் படுத்துக் கிடந்தாவ. என் முகத்தைப் பாத்து ஒரு தரம் கேக்கல.”

“கேட்டா சொல்வீங்களா?” என்றாள் மெஹர்.

லாத்தா சொன்னார்: “பாட்டுல உள்ளதுக்கு மேல சொல்ல மாட்டேன். ஆனா அவுக கேக்கணும்ல.”

மெஹர் எழுந்து நேரே முன்பக்கம் போனாள். வரவேற்பு மேஜையில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். “அண்ணாச்சி, நாங்க சொன்னாலும் நீங்க நம்ப மாட்டீங்க. அவங்க சொன்னாலும் நம்ப மாட்டீங்க. நீங்களே பாரசீகத்துல வாசிக்கறீங்களா? நான் சொல்லித் தரேன்,” என்றாள்.

அவர் அவளைக் கோபமாகப் பார்த்தார். சிரிப்பார், அல்லது வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன்.

“எம்புட்டு நாளாகும்?” என்றார்.

வெள்ளிக்கிழமை லாத்தாவின் அண்ணன் வந்தார். சாப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனார். அண்ணாச்சி நம்பிவிட்டார் என்று சொல்ல முடியாது. அவர் வாசித்து முடிக்கும்வரை பெட்டி கட்டியபடியே இருக்கும் என்று வீட்டில் சொல்லியிருந்தாராம்.

சீசன் முடிந்ததும் வாரம் இரண்டு நாள் தென்காசிக்கு வருவார். பெரிய உடம்பைச் சிறிய பெஞ்சில் வைத்துக்கொண்டு அலிஃப், பே என்று எழுதுவார். குர்ஆன் ஓதத் தெரியும் என்பதால் எழுத்து சுலபமாக வந்தது. மொழிதான் வரவில்லை. ‘ரகீப்’ என்ற சொல்லை எழுதத் தெரிந்துகொண்ட அன்று அதையே ஒரு பக்கம் முழுக்க எழுதினார். சீசன் வந்தால் பாதியை மறந்துவிடுவார். மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். நல்ல மாணவரே இல்லை. ஆனால் இவ்வளவு வெறியோடு ஒருவர் பாரசீகம் படித்து நான் பார்த்ததில்லை. பொறாமைதான் அவரை அந்தப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தது. எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. நானும் அதே எண்ணெயில் எரிந்துகொண்டிருந்தவன்தானே.

அந்த நாட்களில் ஒருமுறை நான் ‘கைரத்’ என்ற சொல்லுக்கு உரை எழுதிக்கொண்டிருந்தேன். பொறாமை என்று பொருள். ஞானிகள் அதை இறைவனுக்கும் சொல்வார்கள்: தன்னை நேசிக்கும் நெஞ்சில் இன்னொன்று இருப்பதை அவன் பொறுப்பதில்லை என்று. சார் அதைப் படித்துவிட்டு, “அது ‘கைர்’ங்கற வேர்லேருந்து வருது, எழுதுனியா? கைர்னா வேறொருத்தர். வேறொருத்தர் இருந்தாத்தான் கைரத்,” என்றார். சொல்லும்போது மெஹரின் மேஜையைப் பார்த்தாரா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியாது. “எழுதிருக்கேன் சார்,” என்றேன். எழுதியிருந்தேன்.

தொகுப்பு வெளிவந்தது. தமிழாக்கம் என்று இரண்டு பெயர். அவள் பெயர் மேலே, என் பெயர் கீழே. அகர வரிசைப்படி என் பெயர்தான் மேலே வர வேண்டும். சார் ஓய்வு பெற்றபோது தலைமைப் பொறுப்பையும் அவளுக்கே கொடுத்தார். நான் அவளுக்குக் கீழே வேலை பார்த்தேன். அவள் என்னிடம் ஒருநாளும் அதிகாரம் காட்டவில்லை. காட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஆடி மாதம். அண்ணாச்சி ஆள் அனுப்பி எங்கள் இரண்டு பேரையும் லாட்ஜுக்குக் கூப்பிட்டார். சீசன் நேரம், எல்லா அறையும் நிரம்பிக் கிடந்தது. பின்கட்டில் அவரும் லாத்தாவும் மட்டும் இருந்தார்கள். மூலப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் கஸலை வாசித்தார். சந்தம் ஓர் இடத்திலும் சரியாக நிற்கவில்லை. மச்சம் வந்த இடத்தில் தயங்கவே இல்லை, தாண்டிப் போனார். நாலாவது ஈரடியில் நின்றார்.

“ஏட்டி,” என்றார் லாத்தாவிடம், “இந்தக் காவக்காரரு நானா?”

அவர் முதன்முதலாக லாத்தாவிடம் நேராகக் கேட்டது அதுதான் என்று நினைக்கிறேன்.

லாத்தா மடியிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தார். “இன்னும் ஒண்ணு இருக்கு. அதையும் வாசிங்க.”

அவர் விரலை வைத்து மெதுவாக ஐந்தாவதை வாசித்தார். ‘தூ’ என்ற இடம் வந்ததும் புத்தகத்தைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி லாத்தாவைப் பார்த்துச் சொன்னார். லாத்தா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலைத்துணியை இழுத்து வாயை மூடிக்கொண்டார். கண் சிரித்தது.

மெஹர் என் முழங்கையைத் தொட்டு, “வாங்க காஜா சார், போலாம்,” என்றாள். நாங்கள் வெளியே வந்து சாரலில் பேருந்துக்கு நின்றோம்.

“பாத்தீங்களா, நீங்க அன்னைக்குச் சொன்ன இல்திஃபாத்,” என்றாள். “நான் சொன்ன மாதிரி எல்லாம் நீன்னு மாத்தியிருந்தா இது நடந்திருக்காது.”

அத்தனை வருடமும் நான் அவளிடமிருந்து கேட்கக் காத்திருந்த பாராட்டு அதுதான். வந்தபோது அதை வைத்துக்கொள்ள எனக்குள் இடமில்லை. என் மனது அந்தப் பின்கட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. எத்தனை ஆயிரம் ‘ஊ’வுக்குப் பொருள் எழுதியிருப்பேன்! எந்த வீட்டிலும் எவரும் ஒரு வரியில்கூட என்னை அப்படிக் குறித்ததில்லை. பாரசீகத்தில் பாதிப் பிழையோடு வாசிக்கும் அந்த லாட்ஜ்காரர் மேல் எனக்கு அன்று வந்த பொறாமை, மெஹர் மேல் வந்ததைவிடப் பெரியது. இன்னும் அது போகவில்லை.